ஒரே மைக், ரெண்டு பேர், ரெண்டு தூரம்: கம்ப்ரஸர் எங்க உதவும், எங்க கெடுக்கும்

கேள்வி: "ஒரே மைக்ல எடுத்த இன்டர்வியூ. நான் மைக்ல இருந்து ஒரு சாண் தூரம், கெஸ்ட் எதிர்ல ஒரு மீட்டர் தள்ளி உக்காந்திருந்தார். என் குரல் காதைப் பொளக்குது, அவர் குரல் கேக்கவே இல்ல. கம்ப்ரஸர் போட்டேன், லெவல் ஓரளவு சமமாச்சு. ஆனா அவர் பேச ஆரம்பிக்கிற முதல் வார்த்தை அமுங்கிப் போகுது, நடுவுல இரைச்சல் ஏறி ஏறி இறங்குது. எந்த செட்டிங்க மாத்தணும்?"

எந்த செட்டிங்க மாத்தினாலும் இது முழுசா சரியாகாதுங்க. நீங்க செட்டிங்க தப்பா வச்சதால வந்த பிரச்சனை இல்ல இது, சத்தமான இடத்த அமுக்கி ஏற்ற இறக்கத்த குறைக்கிற கம்ப்ரஸர் கிட்ட அது செய்ய வேண்டாத வேலைய குடுத்ததால வந்தது. பல வருஷமா பேச்சு ரெக்கார்டிங் எடிட் பண்றவன்ங்கற முறைல சொல்றேன், தூர வித்தியாசத்த முதல்ல கையால சரி பண்ணிடணும், அதுக்கு அப்புறம் ஒவ்வொருத்தர் குரலுக்குள்ள இருக்குற ஏற்ற இறக்கத்த மட்டும் கம்ப்ரஸர் கிட்ட விடணும். ஏன்னு புரிஞ்சுட்டா நம்பர்லாம் நீங்களே வச்சுக்குவீங்க.

முதல்ல தூரக் கணக்கு. திறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டிபி குறையும். 20 சென்டிமீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் அஞ்சு மடங்கு, அப்போ கிட்டத்தட்ட 14 டிபி வித்தியாசம் வரணும். அறைக்குள்ள எடுத்தா அவ்வளவு வராது, சுவர்ல பட்டு திரும்பி வர்ற சத்தமும் மைக்குக்கு வந்து சேரும், அதனால 11, 12 மாதிரி நிக்கும். வித்தியாசம் குறைஞ்சுதேன்னு சந்தோஷப்பட முடியாது, ஏன்னா அந்த இடைவெளிய நிரப்புனது அவர் குரல் இல்ல, அறையோட எதிரொலி. இத மனசுல வச்சுக்கோங்க, கடைசில திரும்ப வரும். ஆளுக்கு ஆள் பேசுற சத்தமும் மாறும், அதனால உங்க ஃபைல்ல நீங்களே அளந்துதான் பாக்கணும். நான் இங்க ஒரு கணக்குக்கு எடுத்துக்கறேன்: மீட்டரோட உச்சம் 0, உங்க குரல் சராசரியா -18, அவர் குரல் -30, யாரும் பேசாதப்போ அறை இரைச்சல் -60.

இப்ப கம்ப்ரஸர் மட்டும் போட்டா என்ன ஆகுதுன்னு பாருங்க. த்ரெஷோல்ட், அதாவது கம்ப்ரஸர் அமுக்க ஆரம்பிக்கிற அளவு, -30. ரேஷியோ 4:1, அதாவது அதுக்கு மேல போற ஒவ்வொரு 4 டிபியும் 1 டிபியா சுருங்கும். உங்க குரல் த்ரெஷோல்டுக்கு மேல 12 டிபி இருக்கு, அது மூணா சுருங்கி -27க்கு வந்துரும். அவர் குரல் -30லயே இருக்கும். 12 டிபி வித்தியாசம் 3 ஆயிடுச்சு, அமுக்கினதுக்கு ஈடா மொத்தத்தையும் தூக்குற மேக்கப் கெயின்ல ஒரு 11 ஏத்துனா நீங்க -16, அவர் -19. அலைவடிவத்த பாத்தா ரொம்ப அழகா இருக்கும், அதுலதான் எல்லாரும் ஏமாறுறோம். உள்ள நடக்கறது வேற. நீங்க பேசுற நேரம் பூரா கம்ப்ரஸர் உங்க குரல 9 டிபி அமுக்கிப் பிடிச்சிருக்கு, குரல் உயர்ற இடத்துல 16 டிபி வரைக்கும் கூட போகும். அவ்வளவு அமுக்கினா குரல்ல அழுத்தம் எது, சாதாரணம் எதுன்னே தெரியாம எல்லாம் ஒரே தட்டையா வரும்.

நீங்க பேசி முடிச்சதும் கம்ப்ரஸர் கைய எடுக்கணும் இல்லையா, அதுக்கு அது எடுத்துக்கற நேரம்தான் ரிலீஸ். ரிலீஸ் அரை செகண்ட்னு வச்சுக்கோங்க, உங்க கேள்வி முடிஞ்சு 200 மில்லி செகண்ட்ல அவர் பதில் ஆரம்பிக்கிறார். அந்த நேரத்துல கம்ப்ரஸர் இன்னும் 5, 6 டிபி அமுக்கிட்டுதான் இருக்கும். ஏற்கனவே சின்னக் குரல், அதுலயும் இன்னொரு 5 டிபி போனா முதல் வார்த்தை எப்படிக் கேக்கும்? உங்களுக்கு அமுங்கிப் போற வார்த்தை இதுதான். உங்க குரலுக்காக இறங்குன கெயின், அவர் வார்த்தைய வெட்டுது. அதே அரை செகண்டுக்குள்ளதான் அறை இரைச்சலும் 9 டிபி மேல ஏறி வருது, நீங்க திரும்பப் பேசுனதும் சடார்னு இறங்குது. நீங்க ரெண்டு தனிப் பிரச்சனைன்னு எழுதியிருக்கீங்க, ரெண்டும் ஒண்ணுதான். சரி ரிலீஸ 30, 40 மில்லி செகண்டுக்கு குறைச்சுடலாமேன்னு தோணும், குறைச்சா வார்த்தை தப்பிக்கும், ஆனா இரைச்சல் ஒவ்வொரு சொல்லுக்கு நடுவுலயும் குதிக்க ஆரம்பிக்கும், தடிச்ச குரல்ல ஒரு கரகரப்பும் வரும். அதனாலதான் எந்த செட்டிங்கும் சரி பண்ணாதுன்னு சொன்னேன்.

இந்த முதல் வார்த்தை விஷயத்த நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்குவேன். ஆரம்ப காலத்துல ஒரு இன்டர்வியூவ இப்படித்தான் கம்ப்ரஸர் மட்டும் போட்டு அனுப்பிட்டேன். கேள்வி கேட்டவர் ஒண்ண கேக்க, பெரியவர் ஒருத்தர் "இல்ல, அப்படித்தான் எல்லாரும் நினைச்சாங்க"ன்னு பதில் சொல்லியிருந்தார். அந்த "இல்ல" அமுங்கிப் போச்சு. கேட்டவங்களுக்கு அவர் ஒத்துக்கிட்ட மாதிரி விழுந்துச்சு, அவர் சொன்னதோட அர்த்தமே தலைகீழ். நம்ம பேச்சுல "இல்ல", "ம்", "ஆமா" எல்லாம் பதிலோட தலைல மெல்லமாத்தான் வரும், அதுதான் முதல்ல போகுது. அதனால எடிட் முடிஞ்சதும் ஒவ்வொரு பதிலோட முதல் சொல்ல மட்டுமாவது தனியா கேட்டுப் பாக்கறது இன்னிக்கும் என் பழக்கம்.

சரி, நான் செய்யற விதம். ஒரிஜினல் ஃபைல தொடாம ஒரு காப்பி எடுத்துக்கோங்க. மொத்த ஃபைலுக்கும் 80 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கறத வெட்டுற லோ கட் போடுங்க, மேஜை தட்டுறது, ஃபேன் அதிர்வு, கீழ இருக்குற உறுமல் எல்லாம் போயிரும். இத விட்டீங்கன்னா குரல் இல்லாத சத்தத்துக்கெல்லாம் பின்னாடி கம்ப்ரஸர் அமுக்கும். அடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷன், இதுவும் இப்பவே, எதையும் ஏத்தி இறக்கறதுக்கு முன்னாடியே, ஏன்னா இப்பதான் ஃபைல் பூரா இரைச்சல் ஒரே அளவுல இருக்கு, ஒரே சாம்பிள் முழுசுக்கும் பொருந்தும். கம்ப்ரஸ் பண்ணின பிறகு இரைச்சல் நிமிஷத்துக்கு ஒரு அளவுல அலையும், அப்போ எடுத்த சாம்பிள் எதுக்கும் ஒத்துவராது. 6 டிபி குறைச்சா போதும். அதுக்கு மேல ஆசைப்பட்டா அவர் குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும், தூரத்துல இருக்குற மெலிசான குரல்தான் இதுல முதல்ல அடிபடும்.

இப்பதான் முக்கியமான வேலை, கொஞ்சம் பொறுமை வேணும். ரெண்டு டிராக் வச்சு, நீங்க பேசுற துண்டெல்லாம் ஒரு டிராக், அவர் பேசுறதெல்லாம் இன்னொரு டிராக்னு வெட்டிப் பிரிங்க, நேரம் மட்டும் நகராம பாத்துக்கோங்க. ஒரு மணி நேர இன்டர்வியூவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும், ஆனா பாதி பிரச்சனை இங்கயே தீர்ந்துரும். டிராக் பிரிஞ்சதும் ரெண்டுக்கும் தனித்தனி கம்ப்ரஸர், உங்க குரலுக்கு இறங்குன கெயின் அவர் பேச்ச தொடவே முடியாது, முதல் வார்த்தை அமுங்கறது அந்த நொடியோட நின்னு போச்சு. பிரிச்ச பிறகு அந்தந்த துண்டோட சத்தத்த மட்டும் மாத்துற கிளிப் கெயின்ல உங்க டிராக்க 2 டிபி இறக்குங்க, அவர் டிராக்க 10 டிபி ஏத்துங்க. ரெண்டு பேரும் -20ல வந்து நிப்பீங்க, கம்ப்ரஸர் இன்னும் வரவே இல்ல.

வெட்டுற இடத்த பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா கைக்கு பழக்கம் வர்ற வரைக்கும் இங்கதான் தப்பு நடக்கும். உங்க கடைசி சொல் முடிஞ்ச பிறகும் அறைல அதோட எதிரொலி ஒரு கால் செகண்ட், அறை வெறுமையா இருந்தா இன்னும் கூட, தேஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த வாலு அவர் டிராக் பக்கம் விழுந்துட்டா உங்க பக்கத்த விட 12 டிபி கூடுதலா கேக்கும், உங்க கேள்வியோட கடைசி எழுத்து பாத்ரூம்ல பேசுன மாதிரி பொங்கி வரும். இடைவெளி நிறைய இருந்தா வாலு தேயற வரைக்கும் விட்டுட்டு, அவர் மூச்சு எடுக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி வெட்டி ஒண்ணு தேய இன்னொண்ணு ஏறுற மாதிரி 50 மில்லி செகண்ட் அளவுக்கு கிராஸ்ஃபேட் குடுங்க. இடைவெளியே இல்லாம உடனே பேசுறார்னா அவரோட முதல் எழுத்து ஆரம்பிக்கிற இடத்தை ஒட்டியே 5, 10 மில்லி செகண்ட்ல மாத்திடுங்க, அவர் குரலே அந்த மாற்றத்த மூடிக்கும். ரெண்டாவது வழிய செய்யும்போது பெரிசாக்கி பாத்து செய்யணும், "இல்ல"வோட "இ" உங்க டிராக் பக்கம் போயிட்டா திரும்ப அதே கதைதான்.

இந்த இடத்துல ஒரு விஷயம் உங்களுக்கு கேக்க ஆரம்பிக்கும். நீங்க பேசும்போது பின்னாடி அமைதி, அவர் பேசும்போது பின்னாடி ஒரு "ஷ்ஷ்". இரைச்சல் -66க்கு வந்திருந்தது, உங்க பக்கம் அது -68, அவர் பக்கம் -56. ஆள் மாறுறப்ப எல்லாம் அந்த 12 டிபி வித்தியாசமும் மாறுது. இத இன்னும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு துரத்தாதீங்க. அவர் டிராக்ல, கெயின் ஏத்தின பிறகு, யாரும் பேசாத நல்ல அமைதியான ஒரு அஞ்சு பத்து செகண்ட தேடி எடுங்க, மூச்சோ துணி உரசலோ இருக்கக் கூடாது, அத மூணாவது டிராக்ல நீங்க பேசுற இடங்களுக்கு அடில விரிச்சு விடுங்க, ஓரத்துல கிராஸ்ஃபேட். அதே அறை, அதே இரைச்சல், அதே அளவு, அதனால ஒட்டு தெரியவே தெரியாது. சுத்தமா இருக்குற இடத்துல வேணும்னே இரைச்சல் சேக்கறோமேன்னு முதல் தடவை மனசு ஒப்பாது, எனக்கும் ஒப்பல. ஆனா ஒரே சீரா ஓடுற இரைச்சல காது சீக்கிரம் மறந்துரும், வந்து வந்து போறதைத்தான் மறக்காது. பத்து செகண்ட் துண்ட திரும்பத் திரும்ப ஒட்டுறப்ப அதுல ஒரு சின்ன "டிக்" இருந்தா கூட தாளம் மாதிரி கேக்கும், அத மட்டும் பாத்துக்கோங்க.

இப்ப கம்ப்ரஸர். உங்க டிராக்குக்கு த்ரெஷோல்ட் -18, ரேஷியோ 3:1, அட்டாக், அதாவது அமுக்க அது எடுத்துக்கற நேரம், 10 மில்லி செகண்ட், ரிலீஸ் 120 மாதிரி. உங்க உச்சம் -10 வரைக்கும் போகுதுன்னா த்ரெஷோல்டுக்கு மேல 8 டிபி, அதுல 5 டிபி கிட்ட அமுங்கும். சாதாரணமா பேசுறப்ப கெயின் ரிடக்‌ஷன் மீட்டர் லேசா ஆடணும், அழுத்திச் சொல்றப்ப 5, 6 தொடணும், வாக்கியங்களுக்கு நடுவுல 0க்கு திரும்பி வரணும். திரும்பவே வராம அமுங்கியே கிடந்தா த்ரெஷோல்ட் ரொம்ப கீழ இருக்குன்னு அர்த்தம். அட்டாக்க 1, 2 மில்லி செகண்டுக்கு கொண்டு போகாதீங்க, க, ட, ப மாதிரி எழுத்தோட தலைய தட்டிரும், பேச்சு மழுங்கின மாதிரி ஆகும்.

அவர் டிராக்குக்கு இதே நம்பர போடாதீங்க. ரேஷியோ 2:1, ரிடக்‌ஷன் உச்சத்துல 3 டிபிக்குள்ள. முன்ன சொன்ன எதிரொலிக் கணக்கு இங்கதான் வருது. ஒரு மீட்டர் தள்ளி இருந்து வந்த குரல்ல நேரடிக் குரலும் அறை எதிரொலியும் கலந்தே இருக்கு. கெயின் ஏத்துறது ரெண்டையும் சேத்துதான் ஏத்தும், விகிதம் மாறாது. கம்ப்ரஸர் அத விட மோசம், சத்தமான பகுதியான குரல அமுக்கிட்டு, சொல்லுக்கு நடுவுல இருக்குற எதிரொலிய மேக்கப் கெயின்ல மேல தூக்கும். எவ்வளவு கம்ப்ரஸ் பண்றோமோ அவ்வளவு அவர் பின்னாடி நகர்ந்து உக்காந்த மாதிரி கேக்கும். நாம அவர கிட்ட கொண்டு வரத்தான் ஆரம்பிச்சோம். அவர் நடுவுல முன்னாடி சாஞ்சு, பின்னாடி சாஞ்சு பேசுறதால லெவல் மாறுதுன்னா, அதையும் அந்தந்த வாக்கியத்துக்கு கிளிப் கெயின்ல 2, 3 டிபி ஏத்தி இறக்கி சரி பண்ணுங்க, கம்ப்ரஸர் மேல போட்டுறாதீங்க.

லெவல் சமமான பிறகும் உங்க குரல்தான் பெருசா இருக்குற மாதிரி தோணும், அதுக்கு காரணம் லெவல் இல்ல. கார்டியாய்ட் மாதிரி ஒரு பக்கம் பாத்து வாங்குற மைக்ல கிட்ட பேசுனா அடிக்குரல் உப்பும், தள்ளிப் பேசுறவருக்கு அது கிடைக்காது. அதனால உங்க டிராக்ல 200 ஹெர்ட்ஸுக்கு கீழ ஒரு 3 டிபி இறக்குங்க, அவர் டிராக்ல 300ல இருந்து 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் 2, 3 டிபி குறைச்சா அறையோட அந்த பெட்டிக்குள்ள பேசுற தன்மை கொஞ்சம் தெளியும், 3000 பக்கம் 2 டிபி ஏத்துனா சொல் தெளிவாகும். இந்த ஈக்யூ நம்பர் மட்டும் என் காது சொல்றது, குரலுக்கு குரல் மாறும், மேல சொன்ன தூரக் கணக்கு மாதிரி உறுதியானது இல்ல. அதே மாதிரி கடைசி லெவல்லயும் ஒரு அபிப்பிராய பேதம் உண்டு. லவுட்னஸ் மீட்டர் வச்சு உங்க பகுதிய தனியா, அவர் பகுதிய தனியா அளந்து ஒரு எல்யூ, அதாவது அந்த மீட்டர்ல ஒரு டிபி, வித்தியாசத்துக்குள்ள கொண்டு வரணும்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க. அதுக்கு அப்புறம் கெஸ்ட்ட ஒரு டிபி தூக்கி வைக்கிறவன் நான், ஏன்னா எதிரொலி கலந்த குரல்ல சொல்ல பிடிக்க காதுக்கு கூட கொஞ்சம் சத்தம் தேவைப்படுது. சில பேர் சரிசமமா விட்டுருவாங்க, அதுவும் தப்பில்ல. மொத்த ஃபைலையும் பாட்காஸ்டுக்குன்னா அதே மீட்டர்ல ஸ்டீரியோவுக்கு -16 லஃப்ஸ், மோனோல -19 பக்கம் வச்சு, உச்சம் -1ஐ தாண்டாம லிமிட்டர் போட்டா முடிஞ்சுது.

சரியா வந்திருக்கான்னு பாக்க, சத்தத்த ரொம்ப குறைச்சு, பக்கத்து அறைல ரேடியோ ஓடுற அளவுக்கு வச்சு, ஸ்கிரீன பாக்காம கேளுங்க. அந்த அளவுல யாராவது ஒருத்தர் மறைஞ்சு போனா லெவல் இன்னும் சரியில்ல. அப்புறம் ஹெட்ஃபோன்ல, ஆள் மாறுற இடங்கள மட்டும் தாவித் தாவிக் கேளுங்க, கை வால்யூமுக்கு போகுதா, பின்னணி மாறுதான்னு பாருங்க. ஹெட்ஃபோன்ல மட்டும் கேட்டு முடிவு பண்ணினா லெவல் வித்தியாசம் தெரியாது, ஸ்பீக்கர்ல மட்டும் கேட்டா ஒட்டுத் தெரியாது.

ரெண்டு பேரும் சேந்து பேசுற இடத்துக்கு இந்த முறைல வழி இல்ல. ஒரே மைக்ல கலந்தது கலந்ததுதான், அவர 10 டிபி ஏத்துனா உங்க குரலும் கூடவே ஏறி வெடிக்கும். அந்த துண்ட உங்க டிராக்லயே, உங்க லெவல்லயே விடுங்க, அவர் தனியா பேச ஆரம்பிச்சதும் மாறிக்கோங்க. அங்க அவர் முக்கியமா எதாவது சொல்லியிருந்தா எழுத்துல போடறதுதான் நேர்மையான வழி. உங்களுக்கு ரெண்டு மைக் இருந்திருந்தா இந்தப் பிரிக்கிற வேலை பாதி மிச்சம், ஆனா அங்கயும் உங்க குரல் அவர் மைக்ல லேசா விழும், அவர் டிராக்க கம்ப்ரஸ் பண்ணினா அது மேல ஏறி வந்து உங்க குரல குழாய்க்குள்ள பேசுற மாதிரி ஆக்கும். அதனால அவர் பேசாத இடங்கள்ல அவர் டிராக்க 10, 12 டிபி இறக்கி வச்சுட்டுதான் கம்ப்ரஸர் போடணும்.

இத்தனையும் செஞ்ச பிறகும் நீங்க காதுகிட்ட இருக்கீங்க, அவர் அறையோட அந்தப் பக்கம் இருக்கார்ங்கற உணர்வு போகலன்னா, அது கம்ப்ரஸரோ கெயினோ தொட முடியாத எதிரொலி. அவர கிட்ட கொண்டு வர வழி இல்ல, ஆனா உங்கள தள்ளி வைக்கலாம். அதே அறைக்குப் போய், அதே மைக்க அதே இடத்துல வச்சு, அவர் உக்காந்த நாற்காலில நீங்க உக்காந்து, கேட்ட கேள்விகள ஒரு சொல் மாத்தாம திரும்பப் பேசி ரெக்கார்ட் பண்ணுங்க, அவர் கிட்டயும் சொல்லிட்டுச் செய்யுங்க. ரெண்டு குரலும் ஒரே தூரத்துல இருந்து வரும், இரைச்சலும் ஒண்ணா இருக்கும், அப்போ ரெண்டு டிராக்குக்கும் அந்த 2:1 மட்டுமே போதும்.